ஏலகிரி ஏற்றத்தில் இன்ஜின் லைட். ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0 என்று இருப்பது ஏன்?

கேள்வி (காட்பாடி): ஏலகிரி மலை ஏறும்போது என் பெட்ரோல் காரில் இன்ஜின் லைட் எரிவதைக் கவனித்தேன். ஸ்கேனரில், கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் P0171 கன்பர்ம்டு என்றும், இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்னும் P0302 பெண்டிங் என்றும் வருகின்றன. ஏற்றத்தில் பெட்ரோல் போதவில்லை, பம்ப்பை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆனால் பழுது பதிவான கணத்தின் அளவுகளைக் காட்டும் P0171-இன் ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0, ஆர்பிஎம் 760, கூலன்ட் 91 டிகிரி, ஷார்ட் டிரிம் +6, லாங் டிரிம் +19 என்றுள்ளது. இது எப்படிப் பொருந்தும்?

ஆம்பூர்: எனக்கும் இதே கோடு வந்தது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் ஒரு மாதத்தில் திரும்பியது. பெண்டிங் கோடுக்குப் பொருளே இல்லை, அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

ராணிப்பேட்டை (ஒர்க்‌ஷாப்): தயவுசெய்து இப்போது அழிக்காதீர்கள், அழித்தால் கோடுகளோடு ஃப்ரேமும் போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகைப் பழுதுகளை இன்ஜின் கம்ப்யூட்டர் முதல் பயணத்தில் பெண்டிங்காகக் குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் கன்பர்ம்டு ஆக்கி லைட்டை எரியவிடும். பல கார்களில் ஃப்ரேம் முதல் முறையிலேயே எடுக்கப்படுவதால், அது பதிவான இடமும் நீங்கள் லைட்டைப் பார்த்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஃப்ரேம் காட்டுவது மலையை அல்ல; சூடான இன்ஜினுடன், சிக்னலிலோ பள்ளிகொண்டா சுங்கச்சாவடியிலோ ஐடிலில் நின்ற காரை. அங்கே இரண்டு டிரிம்மும் சேர்த்து, கம்ப்யூட்டர் 25 சதவீதம் கூடுதல் பெட்ரோல் விட்டும் கலவை நேராகவில்லை. பம்ப் தளர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் ஏற்றத்தில்தான் டிரிம் ஏறும். ஐடிலில் ஏறினால், த்ராட்டிலுக்குப் பின்னால் அளக்கப்படாத காற்று நுழைகிறதா என்றே முதலில் பார்ப்பேன். 2500 ஆர்பிஎம்மில் வைத்து டிரிம்மைப் படியுங்கள். நன்றாக இறங்கினால் காற்றுக் கசிவுதான். காற்றை அளக்க ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காருக்கே இந்தக் கணக்கு சரிவரும். மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் கசிவு இப்படித் தெரியாது.

ஆற்காடு: அப்படியானால் இரண்டாவது சிலிண்டரின் மிஸ்ஃபயரும் ஐடிலில்தானே நடந்திருக்கும்?

ராணிப்பேட்டை (ஒர்க்‌ஷாப்): அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஃப்ரேம் P0171-க்கு உரியது. P0302 எப்போது வந்தது என்று இது சொல்லாது.

கேள்வி கேட்டவர்: ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்தான். 2500-இல் மொத்த டிரிம் +7 ஆக இறங்கியது. பிசிவி ஹோஸின் அடிப்பக்கம், கையால் வளைத்தால் மட்டும் தெரியுமாறு வெடித்திருந்தது. அதை மாற்றிய பின் கோடுகளை அழித்தோம். இப்போது ஐடிலில் +3. ஆனால் P0302 மட்டும் மறுபடியும் பெண்டிங்கில் வந்துள்ளது.

ராணிப்பேட்டை (ஒர்க்‌ஷாப்): அப்படியானால் அது தனிப் பழுதாக இருக்கலாம். 2-ஆம் காயிலையும் 3-ஆம் காயிலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கோடு P0303 ஆக மாறினால் காயில். மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு இன்ஜெக்டருக்குப் போகலாம்.