டீமில் ஒருவர் சோர்ந்துபோய் வருகிறார், எப்படிப் பேசுவது?

பத்துப் பேர் கொண்ட சப்போர்ட் டீமுக்கு நான் லீட். யாருக்குச் சந்தேகம் என்றாலும் முதலில் போய் நிற்கும் ஒரு பெண் ஆறு வாரமாக ஆளே மாறிவிட்டார். பத்து நிமிட டிக்கெட் அரை நாள் கிடக்கிறது, இரவு ஒரு மணிக்கு மெயில் வருகிறது, வாடிக்கையாளர் பேச்சை எடுத்தாலே "அவங்க எப்பவும் இப்படித்தான்" என்று ஒரு கசப்பு. வெறும் களைப்பு என்றால் லீவில் சரியாகியிருக்கும். பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய்வந்தும் மாற்றமில்லை, அதனால்தான் பர்ன்அவுட்டோ என்று சந்தேகம்.

ரோஸ்டரைப் பார்த்தேன், தப்பு என்னுடையது. இரண்டு பேர் வேலையை விட்டதும் அவருக்கு மாதம் ஒரு வாரமாக இருந்த நைட் ஆன்-கால் இரண்டு வாரமாகிவிட்டது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான், அது எந்தக் கணக்கிலும் வராத வேலை.

வியாழன் தனியாகப் பேசப் போகிறேன். "உங்களுக்கு என்னாச்சு?" என்று தொடங்காமல், நான் பார்த்ததை மட்டும் சொல்லி, ரோஸ்டரைக் காட்டி, "இதில் எது ரொம்ப இழுக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதாக எண்ணம். அப்புறம் நாலு வாரத்துக்கு ஆன்-காலை எடுத்துவிடலாம்.

இங்கேதான் குழப்பம். மார்ச்சில் அப்ரைசல், இப்போது வேலையைக் குறைத்தால் ஓரம்கட்டுகிறேன் என்று நினைப்பாரோ? அவர் விஷயத்தை வெளியே விடாமல், அந்த ஷிப்டை ஏற்கும் மற்றவர்களிடம் என்ன சொன்னீர்கள்? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.