மொத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் நடுவே சில கட்டங்களில் ஃபார்முலா இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சம்பளப்பட்டியல் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகச் சம்பளப் பட்டியலில் அகவிலைப்படி நெடுவரிசையில் சில கட்டங்களில் ஃபார்முலா இல்லாமல் வெறும் எண் இருப்பதாகத் தணிக்கையாளர் சொல்லிவிட்டார். எவை என்று அவர் சொல்லவில்லை. மொத்தத்தை வங்கிக்கு அனுப்பிய தொகையோடு ஒப்பிட்டேன். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அடுத்த மாதம் படி உயர்கிறது, ஆகவே அவசரம். வழி சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரர் எழுதியது:
எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா? எந்தப் பதிப்பு? எத்தனை வரிசைகள்? அந்த நெடுவரிசையின் ஃபார்முலா என்ன? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் எல்லோரும் ஊகத்தில்தான் பதில் சொல்வார்கள்.

பச்சைமுக்கோணம் எழுதியது:
இதற்கு எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஃபார்முலா மாறியிருக்கும் கட்டத்தின் இடது மேல் மூலையில் எக்செல் தானாகவே பச்சை முக்கோணம் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினால் போதும்.

நிரல்வாசி எழுதியது:
பச்சைமுக்கோணம் சொல்வது பாதி சரி. பக்கத்துக் கட்டங்களின் ஃபார்முலாவோடு ஒத்துப்போகாத *ஃபார்முலா* இருந்தால் முக்கோணம் வரும். ஃபார்முலாவையே அழித்துவிட்டு எண் ஒட்டப்பட்டிருந்தால், அது Table ஆக அமைக்கப்படாத சாதாரணப் பட்டியலாக இருக்கும் பட்சத்தில், எக்செல்லுக்கு அது யாரோ தட்டச்சிட்ட எண்தான். எந்த அடையாளமும் வராது. கேட்டவரின் சிக்கல் இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

மூத்தஉறுப்பினர் எழுதியது:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் கீழே உள்ளதைப் போட்டு இழுத்துவிடுங்கள் தம்பி. FALSE வரும் இடமெல்லாம் ஒட்டப்பட்ட எண்.

```
=ISFORMULA(F5)
```

சம்பளப்பட்டியல் எழுதியது:
மன்னிக்கவும், விவரங்களைச் சொல்ல விட்டுவிட்டேன். எக்செல் 2010. ஊழியர்கள் 64 பேர், வரிசை 5 முதல் 68 வரை. E அடிப்படைச் சம்பளம், F அகவிலைப்படி, G வருங்கால வைப்பு நிதி. படி விகிதம் Rates என்ற தாளில் B2 கட்டத்தில் இருக்கிறது, இப்போது 30%. F5 இல் இருப்பது இது:

```
=ROUND(E5*Rates!$B$2,0)
```

மூத்தஉறுப்பினர் சொன்னதைப் போட்டால் 64 வரிசையிலும் #NAME? என்று வருகிறது. மேலும், நான் தம்பி அல்ல, பெண்.

மூத்தஉறுப்பினர் எழுதியது:
ISFORMULA 2013 இல்தான் வந்தது. 2010 ஐ இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று நான் எப்படி ஊகிப்பது?

நிரல்வாசி எழுதியது:
சகோதரி, 2010 இலேயே இருக்கும் வழி போதும். F5 முதல் F68 வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். F5 விசையை அழுத்தி Special என்பதற்குப் போய், Constants ஐத் தேர்ந்து, அதன் கீழே Numbers ஐ மட்டும் விட்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். ஒட்டப்பட்ட எண்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். தேர்வு கலைவதற்குள் ஒரு நிறம் பூசிவிடுங்கள். ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்துவிட்டு இதைச் செய்தால் தாள் முழுவதும் தேடி, அடிப்படைச் சம்பளம் போன்ற நியாயமாகவே கையால் இட்ட எண்களையும் சேர்த்துக் காட்டிவிடும். அதனால்தான் நெடுவரிசையை மட்டும் என்றேன்.

புதியவர்_திருச்சி எழுதியது:
எனக்கும் இதே பிரச்சினைதான். என் தாளில் SUM போட்டால் பூஜ்யம் வருகிறது, ஆனால் எண்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஈரோட்டுக்காரர் எழுதியது:
உங்களுடையது வேறு பிரச்சினை, நண்பரே. உங்கள் எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். SUM அவற்றைக் கூட்டாது. இங்கே மொத்தம் சரியாக வருவதுதான் சிக்கலே. தனி இழை தொடங்குங்கள்.

கணிப்புமுறை எழுதியது:
எனக்கென்னவோ ஒட்டிய எண்ணே இல்லை என்று தோன்றுகிறது. கணக்கிடும் முறை Manual இல் இருக்கும். F9 அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் நடந்தது.

நிரல்வாசி எழுதியது:
ஃபார்முலா இல்லாத கட்டம் F9 அழுத்தினாலும் மாறாது. ஆனால் கணிப்புமுறை சொன்னதில் ஒரு பயன் உண்டு: நான் இப்போது சொல்லப்போகும் சோதனைக்கு முன் Formulas தாவலில் Calculation Options என்பது Automatic இல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல கட்டங்களும் அசையாமல் நின்று உங்களைக் குழப்பும்.

கோப்பின் நகலில் Rates தாளின் B2 ஐ 0 என்று மாற்றுங்கள். F நெடுவரிசை முழுவதும் பூஜ்யமாக வேண்டும். மொத்தத்தில் ஏதாவது மிஞ்சினால், விகிதத்தோடு தொடர்பு அறுந்த தொகை அவ்வளவு. மொத்தம் இதுவரை பொருந்தியதற்குக் காரணமும் இதுதான்: 30% இருந்தபோது ஒட்டப்பட்ட எண்ணும் 30% க்கு ஃபார்முலா தரும் எண்ணும் ஒன்றே. விகிதம் அசையும்வரை எந்த ஒப்பீட்டிலும் அது தெரியாது. மிஞ்சிய தொகையை, Constants தேர்வின்போது கீழே நிலைப்பட்டையில் காட்டும் Sum உடன் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

சம்பளப்பட்டியல் எழுதியது:
செய்தேன். 30% இல் மொத்தம் 2,86,500. பூஜ்யமாக்கியபோது 40,320 மிஞ்சியது. Constants இல் 7 கட்டங்கள் தேர்வாயின, கீழே Sum 31,050 காட்டுகிறது. இரண்டும் ஏன் பொருந்தவில்லை?

நிரல்வாசி எழுதியது:
9,270 இடிக்கிறது. அப்படியானால் ஃபார்முலா வேடத்தில் எண்கள் இருக்கின்றன. சமக்குறி போட்டு எண்ணைத் தட்டியிருந்தால் எக்செல் அதை ஃபார்முலா என்றே எடுத்துக்கொள்ளும், ஆகவே Constants இல் சிக்காது. புதிய பதிப்பில் ISFORMULA வும் TRUE என்றுதான் சொல்லும். F5 இலிருந்து கீழே இழுத்து F68 வரை தேர்ந்து, அதே Special பெட்டியில் Column differences கொடுங்கள். F5 இன் ஃபார்முலாவோடு அமைப்பில் மாறுபடும் கட்டங்கள் எல்லாம் வரும். F5 நல்ல கட்டம் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அது பழுதாக இருந்தால் நல்லவையே மாறுபட்டவையாக வந்திருக்கும்.

சம்பளப்பட்டியல் எழுதியது:
இப்போது 9 வருகின்றன. கூடுதலாக வந்தவை F31 உம் F52 உம்:

```
F31:  =E31*0.30
F52:  =4650
```

F31 அடிப்படைச் சம்பளம் 15,400, ஆகவே 4,620. அதோடு 4,650 சேர்த்தால் 9,270. F31 இல் பச்சை முக்கோணம் முன்பே இருந்தது. நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சைமுக்கோணம் எழுதியது:
நான் முதலிலேயே சொன்னேன்.

நிரல்வாசி எழுதியது:
ஒட்டிய எண்கள் 7 இலும் அது வரவில்லையே, ஐயா.

சகோதரி, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். விகிதம் 33% ஆனால், சில்லறை வட்டமிடலை விட்டுவிட்டால், மொத்தம் 3,15,150 ஆக வேண்டும். உங்களுக்கு 3,11,118 வந்திருக்கும். ஒன்பது பேருக்குச் சேர்த்து மாதம் 4,032 குறைவு. மொத்தம் உயர்ந்திருப்பதால், அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மூத்தஉறுப்பினர் எழுதியது:
இவ்வளவு நீட்ட வேண்டாம். F5 ஐ நகலெடுத்து F68 வரை ஒட்டிவிட்டுத் தாளைக் கடவுச்சொல்லோடு பூட்டிவிடுங்கள். பூட்டாத தாளைப் பத்துப் பேர் கையாண்டால் இப்படித்தான் நடக்கும்.

ஈரோட்டுக்காரர் எழுதியது:
ஒட்டுமொத்தமாக ஃபார்முலாவை இழுத்துவிடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு ஊழியருக்குத் தனி ஒப்பந்தத்தின்படி படியை நிறுத்தி வைத்திருக்கலாம். யாரோ காரணத்தோடு எண்ணைத் தட்டியிருக்கலாம். அதைக் கேட்காமல் அழித்தால் அடுத்த மாதம் அவருக்குக் கூடுதல் தொகை போய்விடும். பூட்டும் யோசனையும் நடைமுறையில் நிற்பதில்லை. புதிய ஊழியர் வரும்போது வரிசை செருக வேண்டும், கடவுச்சொல் வைத்தவர் விடுப்பில் இருப்பார், கடைசியில் அந்தக் கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பார்கள்.

மூத்தஉறுப்பினர் எழுதியது:
கடவுச்சொல்லை ஒட்டி வைப்பது உங்கள் அலுவலகத்தின் ஒழுங்கீனம். அதற்குப் பூட்டு பொறுப்பல்ல. வரிசை செருக அனுமதி தரும் தேர்வு பூட்டும் பெட்டியிலேயே இருக்கிறது.

ஈரோட்டுக்காரர் எழுதியது:
செருகலாம், ஆனால் செருகிய வரிசையின் F கட்டமும் பூட்டியபடியே வரும், அதில் ஃபார்முலாவை எப்படி இடுவீர்கள்? கையால் இடும் எண்ணுக்கு நீலம், ஃபார்முலாவுக்குக் கறுப்பு என்று நிதி மாதிரி செய்பவர்கள் எழுத்தின் நிறத்திலேயே பிரித்துவைக்கும் பழக்கம் அதைவிட மேல்.

நிரல்வாசி எழுதியது:
நிறத்தை நம்பாதீர்கள். மதிப்பை மட்டும் ஒட்டினால் பழைய கறுப்பு அப்படியே இருக்கும். அதுவே பொய் சொல்லும். இந்த வாதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். சகோதரி, G நெடுவரிசையைப் பார்த்தீர்களா? அதில் என்ன ஃபார்முலா?

சம்பளப்பட்டியல் எழுதியது:
எங்கள் நிறுவனம் 15,000 உச்சவரம்போடுதான் பிடிக்கிறது. B2 ஐப் பூஜ்யமாக்கியபோது G யில் பல வரிசைகள் 1,800 லேயே நின்றன. அவையும் ஒட்டியவைதானா?

```
=ROUND(MIN(E5+F5,15000)*12%,0)
```

நிரல்வாசி எழுதியது:
அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளமே 15,000 ஐத் தாண்டியவருக்குப் படி பூஜ்யமானாலும் 1,800 தான் வரும். ஃபார்முலா நல்லபடி வேலை செய்தாலும் அசையாது. ஒட்டப்பட்ட 1,800 உம் அசையாது. ஆகவே இந்த நெடுவரிசையில் பூஜ்யச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. Constants, Column differences இரண்டையும் G யிலும் செய்யுங்கள்.

அதிலும் சிக்காத ஒன்று இருக்கிறது: 15,000 என்பதே 64 ஃபார்முலாவிலும் எழுதப்பட்ட எண். எல்லா வரிசையிலும் ஒன்றுபோல இருப்பதால் மாறுபாடாகத் தெரியாது. 2014 செப்டம்பரில் வரம்பு 6,500 இலிருந்து 15,000 ஆனதுபோல மறுபடி மாறினால் 64 இடத்திலும் கை வைக்க வேண்டும். அதையும் 12% ஐயும் Rates தாளுக்குக் கொண்டுபோவது நல்லது.

புதியவர்_திருச்சி எழுதியது:
தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கேயும் யாராவது வாருங்கள்.

சம்பளப்பட்டியல் எழுதியது:
G யில் மூன்று கட்டங்கள் ஒட்டியவையாகக் கிடைத்தன, மூன்றிலும் 1,800. F இன் ஒன்பதில் ஏழுக்கு ஃபார்முலாவைத் திரும்பப் போட்டுவிட்டேன். F52 உம் இன்னொன்றும் வேண்டுமென்றே இட்டவை என்று மேலாளர் சொல்கிறார். எழுத்துப்பூர்வ ஆணை எதுவும் கையில் இல்லை. அவை இரண்டையும் மஞ்சளாக்கி, யார் சொன்னது, என்றைக்கு என்று குறிப்பு சேர்த்துத் தணிக்கையாளரிடம் விட்டுவிட்டேன். நன்றி.