பாடநூல் படத்தைத் திரும்ப வரையும் பயிற்சிக்கு ஒரு சொல்

சேலம்: வணக்கம். பாலிடெக்னிக் முதலாண்டு பொறியியல் வரைபடக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடநூல் கணக்கையே மாணவர்கள் திரும்பத் திரும்ப வரைந்து வேகமும் துல்லியமும் பெறுகிற பயிற்சிக்கு "மறுவரைவு" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா?

மதுரை: வேண்டாம் ஐயா. அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். வரைவு கடாதல் நமக்குத் தெரியாததா? மறுவரைவு மறுமணம் ஆகிவிடும். "மீள்கோடல்" என்று வையுங்கள். கோடு அதில் இருக்கிறது. பாடம் கொள்வதையும் நன்னூல் கோடல் என்றுதான் சொல்கிறது.

கோவை: எங்கள் பட்டறையில் கிழிந்த பழைய படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து எடுப்போம். அதற்குப் படியெடுத்தல் என்ற சொல் போதுமே?

திருச்சி: தம்பி, நீங்கள் சொல்வது வேறு வேலை. இங்கே மாணவர் விடைப்படத்தைப் பார்க்கவே கூடாது. ஓர் அறுகோணப் பட்டகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் 30 மி.மீ., அச்சு 60. ஓர் அடிவிளிம்பில் நிற்கிறது. அச்சு கிடைத்தளத்துக்கு 45 பாகை சாய்வு, செங்குத்துத்தளத்துக்கு இணை. முதல் நிலையில் மேல்தோற்ற அறுகோணத்தின் ஒரு பக்கம் எக்ஸ்-ஒய் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போது முன்தோற்றத்தின் அகலம் சுமார் 52 வரும். 60 வந்தால் அறுகோணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். விடையைப் பார்த்து எடுப்பவருக்கு இந்தத் தவறு நேராது. ஆனால் பரீட்சையில் அங்கேதான் விழுவார். அதனால் இரண்டாம் முறை புத்தகத்தை மூடிவிட்டு, வினாவை மட்டும் வைத்து வரையச் சொல்லுகிறேன். சாய்த்த முன்தோற்றத்தின் இடக்கோடி முதல் வலக்கோடி வரை சுமார் 79 வருகிறதா என்று அளந்தால் போதும், துல்லியம் தெரிந்துவிடும்.

கோவை: ஒரே கணக்கைக் கை பழகும்வரை போட்டால் வேகம் தானாக வரும் அம்மா.

திருச்சி: பாதி சரி. மினி டிராஃப்டரை நகர்த்துவதும், 2ஹெச் பென்சிலில் மெல்லிசாகக் கோடு இழுப்பதும் அப்படித்தான் பழகும். ஆனால் படத்தின் உருவமும் மனப்பாடமாகிவிடும். மூன்றாம் முறை விளிம்புக்குப் பதிலாக மூலையில் நிற்க வையுங்கள். முன்தோற்ற அகலம் 60 ஆகிவிடும். மனப்பாடம் செய்தவர் அங்கே 52 போடுவார்.

யாழ்ப்பாணம்: நாங்கள் மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை என்று எழுதிப் பழகியவர்கள். "மீள்வரைதல்" எங்களுக்கு உடனே விளங்கும். தொழிற்பெயராக இருப்பதால் மணப்பொருளும் தலைகாட்டாது.

மதுரை: "வரைதல்" என்றாலும் மணத்தல்தான் ஐயா. விகுதியை மாற்றினால் வேரின் பொருள் போய்விடுமா?

யாழ்ப்பாணம்: கோடல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுமே விளங்காதே ஐயா.

சேலம்: மீள்வரைதல் உடனே விளங்குகிறது, அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். அப்புறம், மூலையில் நிற்க வைத்த கணக்கும் மீள்வரைதல்தானா, புதுக் கணக்கா? அதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது?

திருச்சி: என் வகுப்பில் அதுவும் மீள்வரைதல்தான்.

மதுரை: அளவு மாறினால் மீள் என்பது எப்படிப் பொருந்தும்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.