பாலைப்பழப் பானம்: எந்தக் கட்டத்தில் கைவிடுவது?

மாங்குளம்_மாணவி: உணவுத் தொழில்முயற்சிப் பாடப் பரீட்சை அடுத்த வாரம். கடந்த வினாத்தாளில், பாலைப்பழப் பானம் தயாரிக்கும் யோசனையை எந்தக் கட்டத்தில் கைவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். யோசனை வடிகட்டலா, வணிகப் பகுப்பாய்வா? விரைவாகச் சொல்லுங்கள்.

கனகராயன்: தங்கச்சி, வினாவில் எண்கள் தந்திருப்பார்களே, அவை எங்கே?

பழைய_மாணவன்: எண்கள் தேவையில்லை. பாலைப்பழம் வைகாசி, ஆனியில்தான் கிடைக்கும். ஆகவே வடிகட்டலிலேயே தள்ள வேண்டும். அடிப்படையைப் படித்தவர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள்.

முல்லை_அக்கா: நாங்கள் பாலைப்பழத்தில் ஜாம் செய்து அயலவருக்குக் கொடுத்தோம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைச் சோதனைச் சந்தைப்படுத்தல் என்று எழுதலாமா?

கனகராயன்: அக்கா, அது சுவைச் சோதனை, உற்பத்தி உருவாக்கக் கட்டத்துக்குரியது. பொதி செய்து, விலை குறித்து, ஓரிரு கடைகளில் வைத்து, வாங்கியவர் மறுபடி வந்து வாங்குகிறாரா என்று பார்ப்பதுதான் சோதனைச் சந்தைப்படுத்தல்.

மாங்குளம்_மாணவி: மாத நிலையான செலவு 60,000 ரூபா. போத்தல் ஒன்றின் மாறும் செலவு 130, கடைக்குக் கொடுக்கும் விலை 180. மாதத்துக்கு 900 போத்தல்தான் நிரப்பலாம்.

கனகராயன்: அப்படியானால் விடை வணிகப் பகுப்பாய்வு. ஒரு போத்தலில் மிஞ்சுவது 50 ரூபா. 60,000 ரூபாவை ஈடுசெய்ய 1,200 போத்தல் விற்க வேண்டும், நிரப்பக்கூடியதோ 900. பருவகாலப் பழம் என்பது மட்டும் வடிகட்டலில் தள்ளப் போதாது, ஏனெனில் பழக்கூழை உறையவைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். காட்டில் பழம் பறிக்க அனுமதியே இல்லை என்றிருந்தால் வடிகட்டலிலேயே நிறுத்தியிருக்கலாம்.

பழைய_மாணவன்: விலையை 200 ஆக்கினால் 858 போத்தலே போதும். பிறகு ஏன் கைவிட வேண்டும்?

கனகராயன்: நல்ல கேள்வி, ஆனால் அந்த 200 ரூபாவுக்குச் சான்று வேண்டும். பானத்தின் விவரிப்பையும் விலையையும் காட்டி, வாங்குவீர்களா என்று கேட்கும் எண்ணக்கருச் சோதனையில்தான் அது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். மேலும், உறையவைக்கும் செலவு அந்த 130 ரூபாவுக்குள் அடங்குகிறதா? போத்தலுக்கு 15 ரூபா கூடினால், 200 ரூபாவிலும் 1,091 போத்தல் விற்க வேண்டும்.

பழைய_மாணவன்: வினாவில் இல்லாத செலவைச் சேர்ப்பது தவறு. புள்ளி கழிப்பார்கள்.

கனகராயன்: கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை, அனுமானமாக ஒரு வரி எழுதச் சொல்கிறேன். திருத்துபவர் ஏற்பாரா என்பது வேறு விடயம்.

மாங்குளம்_மாணவி: உறையவைக்கும் செலவு பற்றி வினாவில் எதுவும் இல்லை. 1,200 போத்தல் கணக்கைக் காட்டி வணிகப் பகுப்பாய்வு என்றே எழுதப் போகிறேன். நன்றி அண்ணா.