பொருள்: ‘எம்ப்ளாயர் பிராண்டிங் கேப்ஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடையும் சிறு தொழிற்கூடம் ஒன்று, கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களில் தேர்ந்த ஆட்களை ஈர்ப்பதற்காகத் தன் குழுவின் ஒரு வேலைநாளைப் படங்களாக வெளியிடவிருக்கிறது. படங்களின் கீழ் வரும் எழுத்தைப் ‘பணியிட அடையாளப் படவுரை’ எனலாமா? தொடக்க வரி: ‘நாங்கள் ஒரே குடும்பம், பூசையுடன் தொடங்குகிறது எங்கள் நாள்.’

தமிழாசிரியர்:
ஆள்சேர்ப்பதுதான் நோக்கம் என்பதால், ‘ஆள்சேர்ப்பு விளம்பரம்’ என்ற பழகிய சொல்லே போதும்.

பம்பு விற்பனையாளர்:
எங்கள் பம்பின் பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்திருக்கிறோம். பிராண்டிங் என்றால் ‘வணிகக்குறியிடல்’தானே?

பட்டறை மேற்பார்வையாளர்:
வணிகக்குறி பொருளை வாங்குபவருக்கானது. இங்கே பேசப்படுவதோ, வேலைக்கு வரக்கூடியவர் அந்த இடத்தைப் பற்றி மனத்தில் கொள்ளும் எண்ணம். ஆசிரியர் நோக்கத்தைச் சரியாகச் சொன்னார். ஆயினும் ஆள்சேர்ப்பு விளம்பரம் காலியிடம் நிரம்பியதும் முடிந்துவிடும். இதுவோ காலியிடம் இல்லாதபோதும் வந்துகொண்டிருக்க வேண்டியது. ஆகவே ‘பணியிட அடையாளம்’ எனக்கு உடன்பாடே.

எனக்கு உடன்பாடில்லாதது அந்தத் தொடக்க வரிதான். குடும்பம் என்று எந்த நிறுவனமும் எழுதலாம்; அதைப் படிக்கும், இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தரும் செட்டருக்கு அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘காலை 8.30. இரவு ஷிப்டின் குறிப்பேட்டைப் படித்துவிட்டு ஆபரேட்டர் முதல் புஷ்ஷைக் கடைகிறார். துளை 0.02 மி.மீ. சிறிதாக இருக்கிறது. அவரே ஆஃப்செட்டைத் திருத்தி, மறுபடி கடைந்து, அளவு சரியான பிறகுதான் உற்பத்தி தொடங்குகிறது. சூப்பர்வைசருக்காக யாரும் காத்திருப்பதில்லை.’

ஆஃப்செட் எனப்படும் கருவியின் திருத்த அளவை மாற்றும் உரிமை ஆபரேட்டரிடம் இருக்கிறது என்பதே தேர்ந்த கைகளை இழுக்கும் செய்தி. உண்மையில் அந்த உரிமை இல்லையென்றால் இந்த வரியை எழுதக் கூடாது. வந்து சேர்பவர் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார், ஊரிலுள்ள மற்றப் பட்டறைகளுக்கும் அது தெரிந்துவிடும்.

படங்களையும் பாருங்கள். சுழலும் லேத்தின் அருகே கையுறை அணிந்து நிற்பவரின் படம் பாதுகாப்பைக் காட்டுவதாக நமக்குத் தோன்றலாம். கையுறை சிக்கினால் கையையும் இழுத்துவிடும் என்று அறிந்தவருக்கோ அது எச்சரிக்கை. மேசையில் விரித்த வாடிக்கையாளரின் வரைபடமும் படத்தில் விழக் கூடாது.

தமிழாசிரியர்:
வேறுபாடு புரிந்தது. ஆனால் ‘பணியிட அடையாளம்’ என்றால் அடையாள அட்டை நினைவுக்கு வருகிறதே. ‘பணியிட நற்பெயர்’ என்றால் என்ன?

பட்டறை மேற்பார்வையாளர்:
நற்பெயர் பிறர் தருவது. நாமே எழுதிக்கொள்வதற்கு அது பொருந்துமா என ஐயப்படுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
‘படவுரை’யை யாரும் மறுக்கவில்லை என்பதால் அதை வைத்துக்கொள்கிறேன், முன்சொல்லுக்கு மேலும் கருத்துகள் வேண்டும். கையுறைப் படத்தை நீக்கச் சொல்லிவிட்டேன். ஆஃப்செட் வரி உண்மைதானா என்று உரிமையாளரிடம் மட்டுமன்றி, ஆபரேட்டர்களிடமும் கேட்ட பிறகே சேர்ப்பேன்.