நொண்டிய மாடும் வீணாய்ப் போன ஊசிகளும்

செல்வி: மூன்றாம் ஈற்று மாடு, கன்று போட்டு இரண்டு மாதம். நிற்கும்போது முதுகு நேராக இருந்தது, நடந்தால் மட்டும் லேசாக வளைந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் நிற்கும்போதே கூனியது, பிறகு வலது பின்னங்காலை ஊன்றவே தயங்கியது. குளம்பு அழுகல் என்று மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டோம். துளியும் மாற்றமில்லை. ஊசியை மாற்றிப் பார்க்கலாமா?

பாலு: அழுகலேதான். மயில்துத்தக் கரைசலில் காலை நனையுங்கள். என் மாட்டுக்கு ஊசி போட்ட இரண்டாம் நாளே சரியானது.

மாரி: வாயில் கொப்புளம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் கோமாரி வந்தபோதும் இப்படித்தான் நொண்டியது.

செல்வி: வாயில் ஒன்றுமில்லை மாரி அண்ணா. காய்ச்சலும் இல்லை.

ரகு (குளம்பு சீவுபவர்): பாலு சொன்ன வேகம் உண்மைதான், அழுகலாக இருந்தால் ஊசிக்குச் சீக்கிரம் கேட்கும். ஆனால் அழுகல் திடீரென வரும். குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கும், நடுப்பிளவில் தோல் வெடித்து நாற்றம் அடிக்கும். உங்களுடையது வாரக்கணக்கில் மெல்ல ஏறியிருக்கிறது. பிளவைப் பார்த்தீர்களா?

செல்வி: சுத்தமாக இருக்கிறது. காலைத் தூக்கிப் பார்க்காமலே ஊசி போட்டோம், அதுதான் தப்பு. நாளை உங்களைப் போல ஒருவரை வரவழைக்கிறேன்.

செல்வி (மறுநாள்): வெளிப்பக்கக் குளம்பின் அடியில், குதியை ஒட்டிச் சிவந்த கறை. சீவியதும் உள்சதை பிதுங்கி வந்தது. அடிப்புண்ணாம். உள்பக்கக் குளம்பு நன்றாக இருந்ததால் அதன் அடியில் மரக்கட்டை ஒட்டினார். டாக்டர் மூன்று நாள் வலி ஊசி எழுதினார். ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றார்.

ரகு: அதேதான். கட்டை பாரத்தை வாங்கிக்கொள்ளும், புண் தரையில் படாது. கன்று போடும் சமயத்தில் உள்ளே நசுங்கியது இப்போதுதான் வெளியே தெரிகிறது. புண்ணைச் சுற்றித் தளர்ந்த குளம்புப் பகுதியை எடுத்தால் போதும், உள்சதையை வெட்டக் கூடாது. மயில்துத்தத்தை அதன்மேல் போடாதீர்கள் பாலு, சதையை எரித்துவிடும்.

பாலு: இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தேனே!

செல்வி: நான்காம் நாளே கால் ஊன்றினாள். பன்னிரண்டாம் நாள் கட்டை விழுந்துவிட்டது. திரும்ப ஒட்டணுமா?

ரகு: இன்னும் நொண்டினால் ஒட்டுங்கள். பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் இருக்க வேண்டும். நொண்டாவிட்டால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் ஒட்டிவிடுவேன்.

மாரி: என் மாட்டுக்கு ஒரு குளம்பு மட்டும் வீங்கியிருக்கிறது, அதுவும் அழுகலா?

ரகு: ஒற்றைக் குளம்பு மட்டும் வீங்கினால் சீழ் மூட்டுவரை போயிருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள் அண்ணா.