புதுப்பிப்பு: உப்புவெளி முகாமின் கடைசி மாலை

முன்பு நான் கேட்டது: “கடைசி மாலையில் நாற்பது பிள்ளைகளுக்கு என்ன சொல்லி விடைகொடுப்பது?”

நேற்றுப் பேசிவிட்டேன். இங்கே பதில் எழுதியவர்களில், ஒவ்வொருவர் பெயரையும் சொல்லச் சொன்ன தம்பியின் யோசனை பாதிதான் சரி. ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே இருபது நிமிடம். பின்வரிசை கொட்டாவி விடும். பதில் எழுதிய சாரணர் ஆசிரியர் சொன்னபடி, ஒவ்வொரு குழுவும் செய்த ஒரு செயலை மட்டும் சொன்னேன். ஒரு குழுவிடம்: “ஈர விறகைப் பிளந்து, உள்ளே காய்ந்திருந்த சிராயால் அடுப்பு மூட்டினீர்கள்.” அந்தக் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. கச்சான் காற்றுக்கு முதுகு காட்டி நின்றதால் கத்தவும் வேண்டியிருக்கவில்லை.



‘மீண்டும் சந்திப்போம்’ என்று வாக்குக் கொடுக்காதே என்றும் ஆசிரியர் எழுதியிருந்தார், கொடுக்கவில்லை. ஆனால் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, “அடுத்த முறையும் வருவீர்களா, அண்ணா?” என்று கேட்டாள். அதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?